ஆந்தை எமோஜி: பாராட்டா, திட்டா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தியிருக்கிறோம்.)

உங்க போன்ல எமோஜி கீபோர்டைத் திறந்து, விலங்குகள் இருக்கிற பக்கத்துக்குப் போங்க. அதுல நாலு பேரை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கப் போறோம். ஆந்தை 🦉, பாம்பு 🐍, பசு 🐄, யானை 🐘.

இந்த நாலையும் உங்க வீட்டு குரூப்ல போட்டா பெரிசா ஒண்ணும் ஆகாது. அங்கே எல்லாரும் ஒரே ஊர்ச் சகுனம், ஒரே பழமொழி கேட்டு வளர்ந்தவங்க. ஆனா நம்ம பலபேரோட ஆபீஸ் குரூப் அப்படியில்ல. மதுரைக்காரர் ஒருத்தர், டெல்லிக்காரர் ஒருத்தர், கொல்கத்தாவிலிருந்து ஒருத்தர், சிங்கப்பூர்ல ஒருத்தர், லண்டன்ல உட்கார்ந்துகிட்டு ஒரு மேனேஜர். அங்கே ஒரே ஆந்தையை அஞ்சு பேர் அஞ்சு விதமா படிப்பாங்க. அது எப்படி நடக்குது, எங்கே வலிக்குது, அனுப்புறதுக்கு முன்னாடி எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

போன் அனுப்புவது படம் இல்லை

முதல்ல ஒரு சின்ன தொழில்நுட்ப விஷயம். நீங்க ஆந்தையைத் தொட்டு அனுப்பும்போது உங்க போன் ஒரு படத்தை அனுப்புறதில்லை. ஒரு எண்ணை அனுப்புது. ஆந்தையின் எண் U+1F989. எதிர்ப்பக்கத்துப் போன் அந்த எண்ணைப் பார்த்து, தன்கிட்ட இருக்கிற ஆந்தைப் படத்தை எடுத்துக் காட்டுது. அதனாலதான் ஐபோன்ல ஒரு ஆந்தையும் ஆண்ட்ராய்டுல வேறொரு ஆந்தையும் தெரியுது.

எந்த எண்ணுக்கு எந்த விலங்கு என்று முடிவு பண்றது யூனிகோட் என்ற அமைப்பு. அவங்க கொடுக்கிறது ஒரு எண், ஒரு பெயர், அவ்வளவுதான். "இது புத்திசாலித்தனத்தைக் குறிக்கும்", "இது கெட்ட சகுனம்" என்று எந்தச் சட்டமும் அங்கே கிடையாது. அர்த்தத்தைப் படிக்கிறவங்கதான் தங்கள் பக்கத்திலிருந்து கொண்டுவராங்க.

ஆனா விலங்குகளைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பண்பாட்டுக் கை இருந்தது. எமோஜி பிறந்தது ஜப்பான் செல்போன்களில். 2010-ல் யூனிகோட் 6.0 வந்தபோது பெரும்பாலான விலங்குகள் உள்ளே வந்தன. அந்த எண் வரிசையைப் பார்த்தா எலியில் ஆரம்பிக்கும். அப்புறம் எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. இது சீனப் பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியின் வரிசை. நடுநடுவே வேறு நாடுகளின் மாற்றுகளும் இருக்கு. வியட்நாம்ல எருதுக்குப் பதிலா எருமை, முயலுக்குப் பதிலா பூனை. அதனால எருதுக்குப் பக்கத்துல எருமை, முயலுக்குப் பக்கத்துல பூனை. பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் அடுத்து யானை நிக்குது. வடக்குத் தாய்லாந்துல பன்றி ஆண்டை யானை ஆண்டுன்னு சொல்வாங்க.

ஆந்தைக்கு இந்த வரிசையில் இடமில்லை. அது ஆறு வருஷம் கழிச்சு 2016-ல்தான் வந்தது. அதையே முதல்ல பார்க்கலாம்.

ஒரு ஆந்தை, அஞ்சு பேர்

ஒரு குரூப்பைக் கற்பனை பண்ணிக்குவோம். ராத்திரி முழுக்க விழிச்சு வேலையை முடிச்சுட்டார் நம்ம டெல்லி நண்பர். காலையில லண்டன் மேனேஜர் குரூப்ல அவர் பெயரைப் போட்டு, பக்கத்துல ஒரே ஒரு 🦉 வைக்கிறார். வேற வார்த்தை இல்லை.

மேனேஜர் மனசுல இருக்கிறது பாராட்டு. ராத்திரி விழிச்சிருக்கிறவங்களை ஆங்கிலத்தில் ஆந்தைன்னு சொல்றது வழக்கம். அதோட, ஐரோப்பாவில் ஆந்தை அறிவின் அடையாளம். பழைய கிரேக்கத்தில் அது அதீனா தேவியின் பறவை. இன்னைக்கும் கிரேக்க நாட்டின் ஒரு யூரோ நாணயத்துல ஆந்தைதான் இருக்கு.

டெல்லி நண்பர் படிக்கிறது வேற. இந்தியில் ஆந்தைக்கு "உல்லூ"ன்னு பெயர். அதுவே முட்டாளுக்கும் பெயர். ஒருத்தரை ஏமாத்துறதுக்கு இந்தியில் "உல்லூ ஆக்குறது"ன்னுதான் சொல்வாங்க. ராத்திரி முழுக்க உழைச்சவர் காலையில போனைத் திறந்ததும் தன் பெயருக்குப் பக்கத்துல அந்த வார்த்தையைப் பார்க்கிறார். மேனேஜர் அந்த அர்த்தத்துல சொல்லலைன்னு அவருக்கும் தெரியலாம். ஆனா குரூப்ல இருக்கிற மத்த இந்திக்காரங்க சிரிச்சிருப்பாங்களேங்கிற நினைப்பு போகாது.

கொல்கத்தாக்காரருக்கு இது தப்பாவே தோணாது. வங்காளத்தில் ஆந்தை லட்சுமியின் வாகனம். லட்சுமி பூஜையில் தேவியின் காலடியில் வெள்ளை ஆந்தை இருக்கும். மதுரைக்காரருக்கு ஞாபகம் வர்றது, ராத்திரி ஆந்தை அலறினா வீட்டுல பெரியவங்க முகம் மாறுறது. அது இல்லைன்னா "என்னடா ஆந்தை மாதிரி முழிக்கிற?"ங்கிற கேலி. அதே குரூப்ல ஒரு ஜப்பான்காரர் இருந்தா அவருக்கு அது அதிர்ஷ்டப் பறவை. ஜப்பானிய மொழியில் ஆந்தையின் பெயர் "ஃபுகுரோ". அதை "கஷ்டம் இல்லாமல்" என்று பொருள் வர்ற மாதிரியும் எழுதலாம். அதனால ஆந்தைப் பொம்மையை நல்லதுக்குன்னு வாங்கி வைப்பாங்க.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த அஞ்சு பேரில் யாரும் தப்பாப் படிக்கலை. எமோஜி தனியா நின்னதுதான் பிரச்சினை. மேனேஜர் "ராத்திரி முழுக்க விழிச்சு முடிச்சுக் கொடுத்ததுக்கு நன்றி"ன்னு ஒரு வரி எழுதி, அதுக்கப்புறம் ஆந்தையை வச்சிருந்தா, அந்த வரி டெல்லி நண்பரை சரியான அர்த்தத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கும். கொஞ்சம் உறுத்தியிருக்கலாம், ஆனா அவமானமா ஆகியிருக்காது.

பாம்பு: கும்பிடுறதும் திட்டுறதும்

ஆந்தையில் ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுது. பாம்பில் ஒரே ஊருக்குள்ளேயே ரெண்டு அர்த்தம் இருக்கு. நம்ம ஊரையே எடுத்துக்கோங்க. ஆடி வெள்ளிக்குப் புற்றுக்குப் பால் ஊத்துவோம். அரசமரத்தடி நாகர் சிலைக்கு மஞ்சள் பூசுவோம். கடிச்சா உயிர் போகும் பாம்புக்கு "நல்ல பாம்பு"ன்னு பெயர் வச்சிருக்கோம். நாகர்கோவில்ங்கிற ஊரே நாகராஜா கோயிலால் வந்த பெயர். அதே வாயால, நம்பி ஏமாந்தா "பாம்புக்குப் பால் வார்த்த மாதிரி"ன்னும் சொல்வோம்.

ஆங்கிலம் பேசுற இணையத்துல ரெண்டாவது அர்த்தம் மட்டும்தான் பெரிசா நிக்குது. ஏதேன் தோட்டத்துப் பாம்பு தொட்டு, பாம்புன்னா துரோகி. இதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட். 2016-ல் கிம் கர்தாஷியனுடன் ஒரு பாட்டு வரி பற்றிய தகராறு பெரிசாச்சு. டெய்லரின் இன்ஸ்டாகிராம் பக்கத்துல கமெண்ட் முழுக்க 🐍 குவிஞ்சது. ஒரு வார்த்தைகூட எழுதாம ஆயிரக்கணக்கான பேர் ஒருத்தரைத் துரோகின்னு சொல்லிட்டுப் போனாங்க. கமெண்ட்ல வர்ற சில வார்த்தைகளையும் எமோஜிகளையும் வடிகட்டுற வசதியை இன்ஸ்டாகிராம் அந்தச் சமயத்துலதான் சோதிச்சது. முதல்ல சோதிச்ச கணக்குகளில் அவருடையதும் ஒண்ணு.

அடுத்த வருஷம் அவர் செஞ்சது இன்னும் சுவாரசியம். புது ஆல்பத்தை அறிவிக்கும்போது தானே பாம்பு வீடியோக்களைப் போட்டார். கச்சேரி மேடையில் பிரம்மாண்டமான பாம்புகளை நிறுத்தினார். அதுக்கப்புறம் அவர் ரசிகர்கள் 🐍 போட்டா அது பாசம். எண் மாறலை, படம் மாறலை. யார் யாருக்குப் போடுறாங்க என்பதுதான் மாறினது.

இப்போ சிங்கப்பூர் பக்கம் வருவோம். 2025 ஜனவரி 29-ல் பிறந்தது பாம்பு ஆண்டு. சீன வழக்கத்துல பாம்பைச் "சின்ன டிராகன்"ன்னும் செல்லமாச் சொல்வாங்க. அன்னைக்கு சிங்கப்பூர் நண்பர் குரூப்ல 🐍 போட்டு வாழ்த்து சொன்னா அது நம்ம பொங்கல் வாழ்த்துல கரும்பு வைக்கிற மாதிரி. அந்தப் பாம்புக்கு ஒரு தேதி இருக்கு. தேதியைத் தெரிஞ்சுக்காத ஒருத்தருக்கு, "இவர் யாரைச் சொல்றார்?"ன்னு தோணும். பாம்பு ஆண்டில் பிறந்தவருக்கு அந்த எமோஜியை அனுப்பலாம். அதே எமோஜியை, ப்ரமோஷன் கிடைச்ச ஒருத்தரின் பெயருக்குக் கீழே வெறுமனே வச்சா அது வேற விஷயம். சாஃப்ட்வேர் டீமா இருந்தா இன்னொரு வழியும் இருக்கு. பைத்தான் மொழியில் எழுதுறவங்க அதுக்கு அடையாளமாவும் 🐍 போடுவாங்க.

மாடு: வாழ்த்து, சாப்பாடு, வசை

மாட்டுப் பொங்கலன்னைக்கு எந்த எமோஜி போடுறதுன்னு யோசிச்சிருக்கீங்களா? 🐄 என்பது பசு. பெரும்பாலான போன்களில் அது வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டு உள்ள வெளிநாட்டுக் கறவை மாடு. திமில் இருக்காது. 🐂 இருக்கே, அதுக்கு யூனிகோட் வச்ச பெயர் "ஆக்ஸ்". ஆங்கிலத்தில் அது பொதுவா காயடிச்ச உழவு மாட்டைக் குறிக்கும் சொல், அதாவது நம்ம எருது. ஜல்லிக்கட்டுக் காளைக்குன்னு தனி எமோஜி இல்லாததால அதையேதான் எல்லாரும் போடுறோம். இதனால யாருக்கும் வருத்தமில்லை. கூட "மாட்டுப் பொங்கல் வாழ்த்து"ன்னு எழுதுறோம், அர்த்தம் தானா வந்துடுது.

சிக்கல் வர்ற இடம் சாப்பாடு. டீம் லஞ்சுக்கு யார் என்ன சாப்பிடுவாங்கன்னு கேட்க, ஒருத்தர் 🐔 🐐 🐄 என்று மூணு எமோஜி போட்டு ஓட்டு எடுக்கிறார். அவருக்கு அது சிக்கன், மட்டன், பீஃப். பசுவைக் கும்பிடுற ஒருத்தருக்கு, தட்டுல உயிரோட ஒரு தெய்வத்தை வச்சுக் கேட்ட மாதிரி இருக்கும். அவர் கோபமா ஏதாவது எழுதினா, பீஃப் சாப்பிடுற நண்பருக்குத் தன் சாப்பாட்டையே குற்றம் சொன்ன மாதிரி இருக்கும். லஞ்ச் பற்றிய கேள்வி அஞ்சு நிமிஷத்துல வேற எங்கேயோ போயிடும். இதை வார்த்தையில் "சிக்கன், மட்டன், பீஃப், வெஜ்"னு எழுதினா அது ஹோட்டல் மெனு. சாப்பிடுறவங்க தேர்ந்தெடுப்பாங்க, சாப்பிடாதவங்க தாண்டிப் போவாங்க. முகமுள்ள விலங்கை உணவின் பெயரா வைக்கும்போதுதான் இந்தச் சங்கடம்.

மூணாவது, வசை. பிரிட்டன்ல ஒரு பெண்ணை "பசு"ன்னு சொல்றது அசிங்கமான திட்டு. நம்ம ஊர்ல "அவ பசு மாதிரி"ன்னா சாதுவான பெண்ணுன்னு அர்த்தம். இந்தியிலும் அப்படித்தான். சென்னையிலிருந்து லண்டன் தோழிக்கு நல்லெண்ணத்தோட 🐄 அனுப்பினா அது எங்கே போய் விழும்னு பாருங்க. எருமைக்கு இது தலைகீழ். நண்பனை "எருமை"ன்னு கூப்பிட்டு 🐃 அனுப்புறது நமக்குப் பாதி திட்டு, பாதி செல்லம். வியட்நாம் நண்பருக்கு அது ஆண்டுச் சுழற்சியின் ரெண்டாவது விலங்கு. 2021-ல் அவங்க புத்தாண்டு வாழ்த்தே எருமையோடுதான் வந்தது.

யானை: கட்சியும் உடம்பும்

யானைன்னா நமக்குப் பிள்ளையார், கோயில், திருவிழா. ஆங்கிலத்தில் "அறைக்குள் யானை"ன்னா எல்லாருக்கும் தெரிஞ்சும் யாரும் பேசாத பெரிய பிரச்சினை. லண்டன் மேனேஜர் மீட்டிங் அழைப்புல 🐘 போட்டா பெரும்பாலும் அதைத்தான் சொல்றார்.

ஆனா யானைக்குன்னு தனியா ஒரு குணம் இருக்கு. அது பல நாடுகளில் கட்சி அடையாளம். அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்கு யானை. 1874-ல் தாமஸ் நாஸ்ட் என்ற கார்ட்டூனிஸ்ட் வரைஞ்சதிலிருந்து வந்த வழக்கம். இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம் யானை. இந்தியாவில் பகுஜன் சமாஜ் கட்சியின் சின்னம் யானை. 2012-ல் உத்தரப்பிரதேசத் தேர்தலுக்கு முன்னாடி, பூங்காக்களில் இருந்த கல் யானைகளைத் துணியால மூடச் சொன்னது தேர்தல் ஆணையம். 2024-ல் தமிழக வெற்றிக் கழகத்தின் கொடியில் ரெண்டு யானைகள் வந்தபோது பகுஜன் சமாஜ் கட்சி ஆட்சேபம் தெரிவிச்சது. கல் யானையையே மூட வேண்டி வந்த நாட்டில், தேர்தல் வாரத்துல ஒரு நிறுவனத்தின் பக்கத்துல 🐘 போட்டா, வெறும் யானைன்னு எல்லாரும் எடுத்துக்க மாட்டாங்க. கொழும்பு நண்பருக்கும் லக்னோ நண்பருக்கும் அது வேற வேற கட்சி.

இன்னொரு பயன்பாடு இருக்கு. அதை நான் நேர்ல பார்த்திருக்கேன். முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல, உடம்பு கொஞ்சம் பருமனான ஒரு தோழி இருந்தாங்க. டீம் குரூப்ல அவங்க எதாவது எழுதினா ஒருத்தர் 🐘 ரியாக்‌ஷன் வைப்பார். ஒருநாள் அவங்க "எனக்கு மட்டும் ஏன் இது?"ன்னு கேட்டாங்க. அவர் உடனே, "ஐயோ, பிள்ளையார்ங்க. மங்களகரமா இருக்கட்டும்னு போட்டேன்"னார். குரூப்ல சிலபேர் சிரிச்சாங்க. அதுக்கு மேல அவங்க பேசினா, சாமி பெயரைச் சொன்னதுக்குச் சண்டை போடுறவங்களா ஆகிடுவாங்க.

எமோஜியின் பெரிய வசதி இதுதான், பெரிய ஆபத்தும் இதுதான். வார்த்தையில் திட்டினா திரும்ப எடுத்துக்க முடியாது. எமோஜியில் திட்டிட்டு, யாராவது கேட்டா நல்ல அர்த்தத்துக்கு மாறி நின்னுக்கலாம். விலங்குக்கு எத்தனை அர்த்தம் இருக்கோ, ஒளிஞ்சுக்க அத்தனை கதவு.

அப்போ உண்மையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்தத் தோழியும் நானும் டீம் லீடும் உட்கார்ந்து குரூப்பை மேலே தள்ளிப் பார்த்தோம். அந்த யானை அவங்க மெசேஜுக்குக் கீழே மட்டும்தான் இருந்தது, வேற யாருக்கும் ஒருமுறைகூட இல்லை. அதுவும் பெரும்பாலும் அவங்க சாப்பாட்டைப் பத்தி எழுதின நாட்களில். விநாயகர் சதுர்த்தி அன்னைக்கு அந்த ஆள் போட்டது வெறும் 🙏. பிள்ளையாருக்கான நாள்ல யானை வரலை. லீட் அவரைத் தனியாக் கூப்பிட்டு இந்த மூணையும் காட்டினார். அவர்கிட்ட பதில் இல்லை. யானை நின்னது. ஆனா அந்தத் தோழி அதுக்கப்புறம் அந்த குரூப்ல சாப்பாட்டைப் பத்தி எழுதவே இல்லை.

அதனால ஒரு எமோஜிக்கு என்ன அர்த்தம்னு அகராதியில் தேடுறதைவிட, அது யாருக்கு வருது, எப்போ வருது, வர வேண்டிய இடத்துல வராம இருக்கா என்று பார்க்கிறது உபயோகமானது.

அனுப்புறதுக்கு முன்னாடி

நான் விலங்கு எமோஜி போடும்போது செஞ்சு பார்க்கிற சோதனை ஒண்ணு. எமோஜியை அழிச்சுட்டு மெசேஜைப் படிப்பேன். அப்பவும் நான் சொல்ல வந்தது இருந்தா எமோஜியைத் திரும்ப வச்சு அனுப்புவேன். அழிச்சதும் மெசேஜே காணாமப் போச்சுன்னா, மொத்தச் சுமையையும் அந்த விலங்கு தூக்குதுன்னு அர்த்தம். அங்கே ஒரு வரி சேர்ப்பேன்.

விலங்கு ஒரு ஆளைக் குறிச்சா மட்டும் இன்னொரு கேள்வி. அந்த ஆளோட மொழியில் இந்த விலங்கின் பெயரைச் சொல்லி யாரையாவது திட்டுவாங்களா? தெரியலைன்னா விலங்கே வேண்டாம், 👏 போதும். பண்டிகை, காடு, சினிமா என்று ஒரு விஷயத்தைக் குறிச்சா இவ்வளவு யோசிக்க வேண்டாம். முதுமலைப் போட்டோவுக்குக் கீழே யானை போட யாரும் பயப்படத் தேவையில்லை.

அனுப்பின பிறகு தப்பா விழுந்துருச்சான்னு தெரிய ஒரு அடையாளமும் உண்டு. வழக்கமா உடனே பதில் போடுறவர் அமைதியாகிறது, அல்லது சம்பந்தப்பட்டவரைத் தவிர மத்தவங்க மட்டும் சிரிக்கிறது. அப்போ குரூப்ல நீளமா விளக்கம் கொடுக்காதீங்க, அது எல்லாரையும் திரும்பப் பார்க்க வைக்கும். அவருக்குத் தனியா ஒரு மெசேஜ் போட்டு, "நான் இந்த அர்த்தத்துல போட்டேன், உங்களுக்கு வேற மாதிரி இருந்ததா?"ன்னு கேளுங்க. பதில் எதுவா இருந்தாலும், அடுத்த தடவை அவருக்கு எதைப் போடக்கூடாதுன்னு தெரிஞ்சிடும்.

உங்க குரூப்ல ரெண்டு அர்த்தம் வந்து முட்டிக்கிட்ட விலங்கு எது? குரங்கா, பன்றியா, கழுதையா? கீழே எழுதுங்க. எந்த ஊர்ல, எந்த மொழியில என்ன அர்த்தம்னும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.